சென்ற வாரம் 61, இந்த வாரம் 58: வாராந்திர அறிக்கையில் எதை எழுதுவது?

மலையடிவாரம் | 10 அக்டோபர் 2025, வெள்ளி, காலை 9.40

சுங்கை சிப்புட்டுக்கு அருகில் உள்ள செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பழைய லயன் வீடுகளுக்குப் பதிலாக நான்கு பிளாக்குகளில் நாற்பது வீடுகள் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குக் குத்தகையாளர் அதே ஒன்பது ஸ்லைடுகளைக் கொண்டு வருகிறார். மொத்த முன்னேற்றம், அதை வாராவாரம் கோடாகக் காட்டும் எஸ் வளைவு, முக்கியத் தேதிகள், அடுத்த மூன்று வார வேலை, சிக்கல் பட்டியல், பொருள் வரவு, கட்டணக் கோரிக்கை, பாதுகாப்பு, படங்கள் என்று வரிசைகூட மாறுவதில்லை. அவற்றைப் பார்த்து, சென்ற வாரத்திலிருந்து என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு நான் அனுப்ப வேண்டும்.

சென்ற வாரம் மொத்த முன்னேற்றம் 61 சதவிகிதம் என்று இருந்தது. நேற்றைய ஸ்லைடில் 58 என்று இருக்கிறது. வேலை நடப்பதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். எந்தச் சுவரும் இடிக்கப்படவில்லை. "3 சதவிகிதம் பின்னடைவு" என்று எழுதினால் அது பொய்யாகப் படுகிறது. எழுதாமல் விட்டால் மறைத்ததாகிவிடும். எப்படி எழுதுவது?

கணக்குப் பார்ப்பவர் | 10 அக்டோபர், காலை 10.05

மாறியதை மட்டும் எழுதுங்கள், மாறாததை விட்டுவிடுங்கள். மாற்ற அறிக்கை என்றால் அவ்வளவுதான். 61 இருந்தது, 58 ஆனது. காரணத்தைக் குத்தகையாளரே சொல்லட்டும், அது உங்கள் பொறுப்பு அல்ல.

பழைய கிராணி | 10 அக்டோபர், காலை 10.50

இருபத்தேழு ஆண்டுகள் தோட்ட அலுவலகங்களில் இருந்தவன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் கட்டுமானப் பிரிவில் இதே அறிக்கையைத்தான் எழுதினேன். காரணம் தெரியாமல் 58 என்று அனுப்பாதீர்கள், அம்மா. வேலை நடக்கும்போது சதவிகிதம் குறைந்தால், பெரும்பாலும் செய்த வேலை குறைந்திருக்காது, வகுக்கும் தொகை கூடியிருக்கும். குத்தகையாளரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: இதுவரை செய்த வேலையின் மதிப்பு எவ்வளவு, மொத்த வேலையின் மதிப்பு எவ்வளவு. இந்த வாரத்துக்கும் கேளுங்கள், சென்ற வாரத்துக்கும் கேளுங்கள். நான்கு எண்களும் கைக்கு வந்தால் பதில் தானாக வெளியே வரும்.

மலையடிவாரம் | 10 அக்டோபர், பகல் 12.20

ஐயா, கேட்டு வாங்கிவிட்டேன். சென்ற வாரம் மொத்த மதிப்பு 32 லட்சம் ரிங்கிட், செய்தது 19 லட்சத்து 52 ஆயிரம். இந்த வாரம் செய்தது 20 லட்சத்து 16 ஆயிரம், ஆனால் மொத்தம் 34 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கிறது. டி பிளாக்கின் பின்புறம் மழையில் மண் சரிந்ததால் தடுப்புச் சுவரும் வடிகாலும் சேர்க்கப்பட்டு, 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வி.ஓ. என்ற கூடுதல் வேலை ஆணை கொடுத்திருக்கிறார்கள். ஸ்லைடில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பழைய கிராணி | 10 அக்டோபர், பகல் 1.10

இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. பழைய 32 லட்சத்தை வைத்துப் பார்த்தால் 61.0 இலிருந்து 63.0 ஆகியிருக்கிறது. புதிய 34.8 லட்சத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாரம் 57.9, சென்ற வாரமும் அதே அளவுகோலில் 56.1தான். எந்த அளவுகோலை எடுத்தாலும் வேலை ஏறியிருக்கிறது. 61ஐயும் 58ஐயும் பக்கத்தில் வைப்பது, ஒரு மூட்டையைக் கிலோவிலும் இன்னொரு மூட்டையைக் காட்டியிலும் நிறுத்து, எது கனம் என்று கேட்பதைப் போன்றது.

பழைய அளவுகோலிலேயே எழுதிவிடுங்கள்: "61.0இலிருந்து 63.0". வி.ஓ. பற்றிக் கீழே ஒரு குறிப்புப் போதும்.

மில் இன்ஜினியர் | 10 அக்டோபர், பகல் 1.35

ஐயா சொன்ன கணக்கு சரி, முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய அளவுகோலில் எழுதினால் அடுத்த வாரமும் பழையதில்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் இதே பள்ளம் ஒரு வாரம் தள்ளி வரும். அப்படியே தொடர்ந்தால், தடுப்புச் சுவர் வேலையும் சேர்ந்து எண் ஒரு நாள் நூறைத் தாண்டும்.

இரண்டு கேள்விகள். முதலாவது, அந்த வி.ஓ. கையெழுத்தாகிவிட்டதா, அல்லது குத்தகையாளர் தாமாகவே மொத்தத்தில் சேர்த்துக்கொண்டாரா? ஒப்புதல் ஆகாததை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, இந்த வாரம் கூடிய 64 ஆயிரத்தில் கட்டி முடித்தது எவ்வளவு, லாரியில் வந்து இறங்கியது எவ்வளவு? மதிப்பை வைத்து முன்னேற்றத்தை அளந்தால், கூரைத் தகடு முற்றத்தில் கிடந்தாலே சதவிகிதம் ஏறும்.

மலையடிவாரம் | 10 அக்டோபர், பகல் 2.15

வி.ஓ. கடிதத்தை எங்கள் மேலாளரின் கோப்பில் பார்த்தேன். 6 அக்டோபர் தேதியில் கையெழுத்தாகியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆறாவது ஸ்லைடிலேயே இருந்திருக்கிறது, அண்ணன். நான் அதை மொத்த முன்னேற்றத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. இந்த வாரம் 40 ஆயிரம் ரிங்கிட் மதிப்புள்ள கூரைத் தகடு வந்திருக்கிறது, ஒன்றுகூட இன்னும் ஏற்றப்படவில்லை. அப்படியானால் உண்மையான வேலை 24 ஆயிரம் ரிங்கிட்டுக்குத்தான் நடந்திருக்கிறது.

அனுப்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மொத்த முன்னேற்றம் 57.9 சதவிகிதம். 6 அக்டோபரில் ஒப்புதலான தடுப்புச் சுவர், வடிகால் வேலைகளால் மொத்த மதிப்பு 2,80,000 ரிங்கிட் கூடியுள்ளது. அதனால் சென்ற வாரம் 61.0 என்று நாம் அனுப்பிய எண் புதிய அளவில் 56.1 ஆகிறது. இவ்வார உயர்வு 1.8 புள்ளி. இந்த உயர்வின் பெரும்பகுதி டி பிளாக்குக்கு வந்து இறங்கியுள்ள, இன்னும் பொருத்தப்படாத கூரைத் தகடு (40,000 ரிங்கிட்)."

பழைய கிராணி | 10 அக்டோபர், பகல் 2.25

அப்படியே அனுப்புங்கள். ஒரு மணிக்கு நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இன்ஜினியர் சொன்னதே சரி. அளவுகோல் மாறிய வாரத்தில் மட்டும் பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அடுத்த வாரத்திலிருந்து புதியது மட்டும் போதும். பொருள் வரவைப் பற்றி நான் கேட்டிருக்கவே வேண்டும். சதவிகிதம் ஒரு ஸ்லைடிலும் அதன் காரணம் இன்னொரு ஸ்லைடிலும் இருப்பது எனக்குப் புதிதல்ல, இருந்தும் தவறவிட்டேன்.

"புள்ளி" என்று எழுதியது நல்லது. 56.1 இலிருந்து 57.9 ஆனதை "1.8 சதவிகிதம் உயர்வு" என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும்.

திருப்பணிச் செயலாளர் | 11 அக்டோபர், சனி, இரவு 8.15

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருப்பணிக்கு நானும் வாராவாரம் ஸ்லைடு போடுகிறேன். பின்புல நிறமும் எழுத்தின் அளவும் சரியாக இருந்தால் பெரியவர்கள் சுலபமாகப் படிப்பார்கள். பச்சையில் வரவு, சிவப்பில் செலவு என்று போட்டுப் பாருங்கள்.

மலையடிவாரம் | 11 அக்டோபர், இரவு 9.00

ஐயா, ஸ்லைடு செய்வது நானில்லை. அது குத்தகையாளர் கொண்டு வருவது. அதிலிருந்து நான் அறிக்கை மட்டுமே எழுதுகிறேன்.

திருப்பணிச் செயலாளர் | 11 அக்டோபர், இரவு 9.30

புரிந்தது. ஆனாலும் எங்கள் கோவிலில் நடந்த ஒன்று உங்களுக்கு உதவலாம். "கிடைத்த நன்கொடை" என்ற வரியில் வாக்குக் கொடுத்த தொகையையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தோம். வாக்குக் கொடுத்தவர்களில் இருவர் பின்வாங்கியபோது தொகை குறைந்தது. கூட்டத்தில் எழுந்து, பணம் எங்கே போனது என்று கேட்டார்கள். அன்றிலிருந்து கையில் உள்ளது ஒரு வரி, வாக்கு இன்னொரு வரி.

மில் இன்ஜினியர் | 11 அக்டோபர், இரவு 10.10

கூரைத் தகட்டுக் கதையும் இதுவேதான்.

பழைய கிராணி | 12 அக்டோபர், ஞாயிறு, காலை 7.30

"மாறாததை விட்டுவிடுங்கள்" என்று வெள்ளிக்கிழமை ஒருவர் எழுதியதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் கொடுத்த விலையை எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டில் வேறொரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு இதே வேலையைப் பார்த்தேன். சிக்கல் பட்டியல் ஸ்லைடில் பன்னிரண்டு வரிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. புதிய சிக்கல் ஒன்று மேலே சேர்ந்தால், கீழே இருந்த பழையது ஒன்று சத்தமில்லாமல் வெளியே போகும். நானோ எண்ணிக்கையை மட்டும் பார்த்து, "தீராத சிக்கல்கள் 12, மாற்றமில்லை" என்று ஐந்து வாரங்கள் எழுதினேன். வெளியே போனவற்றில் ஒன்று தண்ணீர்க் குழாய் இணைப்புக்கான விண்ணப்பம். அதை யாரும் தீர்க்கவில்லை. பட்டியலில் இல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை. வீடுகளை ஒப்படைக்கும் நாளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பதினாறு குடும்பங்கள் சாமான்களோடு வாசலில் நின்றன. அவர்களில் ஒரு பாட்டி என்னிடம் வந்து, "கிராணி, நீங்கதானே வாராவாரம் எழுதுறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள், வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். சென்ற வாரப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு எண்ணும் இந்த வாரம் எங்கே இருக்கிறது? தீர்ந்ததா, தொடர்கிறதா, காணவில்லையா? 12க்கும் 12க்கும் நடுவில் நான்கு தீர்ந்து நான்கு புதிதாக வந்திருக்கலாம். ஒன்றுமே நகராமலும் இருந்திருக்கலாம். இரண்டு வாரங்களும் ஒன்றல்ல.

மில் இன்ஜினியர் | 12 அக்டோபர், காலை 9.15

ஐயா சொன்னதை எக்செல்லில் ஒரே வரியில் செய்யலாம். இரண்டு வாரப் பட்டியல்களையும் சிக்கல் எண் A நிரலில் வரும்படி தனித்தனித் தாள்களில் ஒட்டி, இந்த வாரத் தாளுக்கு 'இவ்வாரம்' என்று பெயர் வைத்து, சென்ற வாரத் தாளில் சிக்கல் எண்ணுக்குப் பக்கத்தில் இதை எழுதி, கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIF('இவ்வாரம்'!A:A,A2)=0,"காணவில்லை","")
```

குத்தகையாளர் தீர்ந்த சிக்கலின் எண்ணைப் புதிய சிக்கலுக்குக் கொடுக்கும் பழக்கம் உடையவராக இருந்தால் இது ஏமாற்றிவிடும். ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடியும் கொடுக்க வேண்டாம் என்று கூட்டத்திலேயே சொல்லி வையுங்கள்.

மலையடிவாரம் | 13 அக்டோபர், திங்கள், பகல் 1.05

செய்து பார்த்தேன். சென்ற வாரம் 11 சிக்கல்கள், இந்த வாரமும் 11. ஆனால் இரண்டு "காணவில்லை" என்று வந்தன. ஒன்று உண்மையாகவே தீர்ந்தது. மற்றொன்று பி பிளாக் கழிவுநீர்த் தொட்டியின் மூடிகள், அது தீரவில்லை. "துணைக் குத்தகையாளரின் வேலை, அதனால் எடுத்துவிட்டோம்" என்றார்கள். சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் திறந்து கிடக்கும் தொட்டி அது. மறுபடியும் பட்டியலில் சேர்க்க வைத்தேன்.

கணக்குப் பார்ப்பவர் | 13 அக்டோபர், இரவு 7.40

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறாத எல்லாவற்றையும் எழுதினால் ஒரு பக்கம் மூன்று பக்கமாகும், தலைமையகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கே நிறுத்துவது?

பழைய கிராணி | 14 அக்டோபர், செவ்வாய், காலை 6.50

நியாயமான கேள்வி. நகர்ந்திருக்க வேண்டியது நகராமல் இருந்தால், அதுவே செய்தி, அதை எழுதுவேன். இந்த வாரம் முடிப்பதாகச் சொன்னது முடியாவிட்டால், "மாற்றமில்லை, நான்காவது வாரம்" என்று வாரத்தின் எண்ணிக்கையோடு எழுதுவேன். அடுத்த மாதம் தொடங்க வேண்டிய வேலை இந்த வாரம் அசையாததில் செய்தி ஒன்றுமில்லை, விட்டுவிடுவேன். சென்ற வாரத்து "அடுத்த மூன்று வார வேலை" ஸ்லைடை எடுத்து, அதில் இந்த வாரத்துக்கு என்று எழுதியிருந்தவற்றை மட்டும் பாருங்கள். எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஸ்லைடே சொல்லிவிடும்.

மலையடிவாரம் | 16 அக்டோபர், வியாழன், இரவு 9.20

இன்றைய கூட்டத்துக்கு முன்பு, முக்கியத் தேதிகள் ஸ்லைடின் பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். டி பிளாக் கூரை முடியும் தேதி முதலில் 19 செப்டம்பர். 11 செப்டம்பர் ஸ்லைடில் அது 24 ஆனது. 18ஆம் தேதி ஸ்லைடில் 29 ஆனது. 25ஆம் தேதி ஸ்லைடில் 4 அக்டோபர், 2 அக்டோபர் ஸ்லைடில் 9, சென்ற வார ஸ்லைடில் 14. ஒவ்வொரு வாரமும் ஐந்து நாள் மட்டுமே தள்ளியிருக்கிறது. ஏழு நாளுக்குக் குறைவான நகர்வுக்குப் பச்சை என்பது அவர்களின் விதி, அதனால் ஐந்து வாரமும் பச்சை. நானும் ஒவ்வொரு வாரமும் "5 நாள் தாமதம்" என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன். கூட்டினால் 25 நாள். இதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய கிராணி | 16 அக்டோபர், இரவு 10.05

வருத்தப்படாதீர்கள் அம்மா, சென்ற வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் யாருக்கும் இதுதான் நேரும். முதல் தேதி, சென்ற வாரத் தேதி, இந்த வாரத் தேதி மூன்றையும் ஒரே வரியில் வைத்தால் வாராந்திர நகர்வும் தெரியும், மொத்த நகர்வும் தெரியும்.

மில் இன்ஜினியர் | 16 அக்டோபர், இரவு 11.00

அந்தத் தேதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லைடின் தேதியிலிருந்து முடியும் தேதி வரை எத்தனை நாள் மீதம் என்று பாருங்கள். 11 செப்டம்பரில் 13 நாள் மீதம். அடுத்தடுத்த வாரங்களில் 11, 9, 7, 5. அதாவது ஏழு நாள் கடந்தால் மீதம் இரண்டு நாள்தான் குறைகிறது. சென்ற வாரம் மீதமிருந்த ஐந்து நாளைக் கரைக்க, இதே வேகத்தில் இரண்டரை வாரம் வேண்டும். 9 அக்டோபரிலிருந்து எண்ணினால் 26 அல்லது 27 ஆகும், தீபாவளி விடுமுறையைச் சேர்க்காமல். 14 என்று எழுதப்பட்ட தேதியை நான் நம்பியிருக்க மாட்டேன்.

மலையடிவாரம் | 17 அக்டோபர், வெள்ளி, காலை 8.30

அண்ணன் சொன்னதைப் போலவே 14ஆம் தேதி முடியவில்லை. நேற்றைய ஸ்லைடில் 21 என்று இருக்கிறது. மீதம் மறுபடியும் ஐந்து நாள். இந்த வாரம் அதுவும் குறையவில்லை. அறிக்கையில் "26, 27க்கு முன்பு முடியாது" என்று எழுதலாமா?

பழைய கிராணி | 17 அக்டோபர், காலை 9.10

நான் எழுத மாட்டேன். தேதி சொல்வது குத்தகையாளரின் கடமை; நாம் ஒரு தேதியைச் சொன்னால், நாளைக்கு அது நம்முடைய தேதியாகிவிடும். ஏழு ஸ்லைடு தேதிகளையும் வரிசையாக வையுங்கள், படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மில் இன்ஜினியர் | 17 அக்டோபர், காலை 9.45

தலைமையகத்தில் படிப்பவருக்கு இதுபோல் இருபது அறிக்கைகள் வரும், அவர் கணக்குப் போட மாட்டார். "குத்தகையாளரின் தேதி 21, கடந்த வாரங்களின் வேகத்தில் இது மாத இறுதி வரை போகலாம்" என்று இரண்டையும் பிரித்து எழுதினால் யாருடைய தேதி எது என்பது தெளிவாக இருக்கும். எழுதாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், ஐயா.

பழைய கிராணி | 17 அக்டோபர், காலை 10.20

இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம். மேலாளரிடம் கேட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள், அம்மா.

மலையடிவாரம் | 24 அக்டோபர், வெள்ளி, காலை 11.15

மேலாளர் இரண்டையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.

இந்த வாரம் வேறு ஒரு சந்தேகம். திங்கட்கிழமை தீபாவளி. குத்தகையாளரின் கணக்கு புதன்கிழமை மாலையோடு முடிகிறது. ஸ்லைடில் இந்த வார உயர்வு 0.6 புள்ளி மட்டும். ஆனால் நேற்று வியாழக்கிழமை மட்டும் டி பிளாக்கின் பாதிக் கூரையில் தகடு ஏற்றிவிட்டார்கள், நானே பார்த்தேன். அதையும் சேர்த்து எழுதினால் நல்ல செய்தியாக இருக்குமே?

பழைய கிராணி | 24 அக்டோபர், பகல் 12.00

எண்ணில் சேர்க்காதீர்கள். இன்று சேர்த்தால், அடுத்த வார ஸ்லைடில் அது மறுபடியும் வரும்போது, நீங்கள் அதைக் கழிக்க மறந்துவிடுவீர்கள், நான் மறந்திருக்கிறேன். "22 அக்டோபர் மாலை வரையிலான கணக்கு" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, கடைசியில் "கணக்கு முடிந்த பின்: 23ஆம் தேதி டி பிளாக் கூரையில் பாதி ஏற்றப்பட்டது" என்று தனி வரியாக வையுங்கள். 0.6ஐப் பற்றி எழுதும்போது வேலை நாள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். விடுமுறை வாரத்து எண்ணை முழு வாரத்து எண்ணோடு ஒப்பிட்டு ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுவதற்கு முன்பே அந்த விவரம் அறிக்கையில் இருக்க வேண்டும்.

படங்கள் ஸ்லைடையும் ஒரு கண் பாருங்கள். சென்ற வாரப் படமே இந்த வாரமும் வந்தால், மற்ற எட்டு ஸ்லைடுகளிலும் எது பழையது என்று தேட வேண்டும்.

மலையடிவாரம் | 24 அக்டோபர், பகல் 12.30

பார்த்தேன், ஐயா. மூன்று படங்களில் ஒன்று பழையது. பாதுகாப்பு ஸ்லைடிலும் சென்ற வாரத் தேதியே இருக்கிறது. விபத்து இல்லை என்று அதில் எழுதியிருப்பது எந்த வாரத்துக்கு என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

மலையடிவாரம் | 7 நவம்பர், வெள்ளி, மாலை 4.10

டி பிளாக் கூரை 31 அக்டோபரில் முடிந்தது. இன்றைய அறிக்கையில் அந்த வரி இப்படி இருக்கிறது: "முதல் தேதி 19 செப்டம்பர், முடிந்தது 31 அக்டோபர், 42 நாள் தாமதம்." பி பிளாக் தொட்டிகளுக்கு மூடி போட்டாகிவிட்டது, அந்த எண்ணை மூடிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. தடுப்புச் சுவருக்குப் பிறகு இன்னொரு வி.ஓ. வரப்போகிறது. இரண்டாவது முறையும் அளவுகோல் மாறினால், தொடக்கத்திலிருந்து எல்லா வாரங்களின் எண்களையும் புதிய அளவில் மாற்றி எஸ் வளைவை மறுபடியும் வரையச் சொல்வதா, அல்லது அனுப்பிய எண்களை அப்படியே விட்டு வளைவில் ஒரு கோடு போட்டுப் பிரிப்பதா?

மில் இன்ஜினியர் | 7 நவம்பர், மாலை 5.00

முழுவதையும் மாற்றி வரையச் சொல்லுங்கள். ஒரே வளைவில் ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும்.

பழைய கிராணி | 7 நவம்பர், இரவு 8.40

கோடு போட்டுப் பிரியுங்கள். 61.0 என்று நாம் கையெழுத்திட்டு அனுப்பிய தாள் தலைமையகக் கோப்பில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பவருக்கு வளைவில் அந்த 61.0 கண்ணில் பட வேண்டும்.